மெட்டுக்குள் 'நாம்' யார்? ஒரு பாடலைத் தமிழுக்குக் கொண்டுவருவது பற்றி

(மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கவிதை, சிறுகதை, கட்டுரை மொழிபெயர்ப்பு பற்றிப் பேசியிருக்கிறோம். அவற்றில் ஒரு சொல்லுக்கு இணையான சொல் கிடைக்காவிட்டால் இரண்டு சொற்களில் சொல்லலாம், அடிக்குறிப்பு போடலாம். பாடலை அதே மெட்டில் பாடும்படி மொழிபெயர்க்கும்போது இந்த வசதிகள் எதுவும் கிடையாது. மெட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதில் எத்தனை ஒலிகள், எது நீளும், எது சட்டென்று முடியும் என்பதெல்லாம் நாம் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. அந்த அளவுக்குள் பொருளை உட்கார வைக்க வேண்டும்.

நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் லோ என்ற ஆய்வாளர் இந்த வேலையை ஐந்து போட்டிகள் கொண்ட விளையாட்டுக்கு ஒப்பிட்டார். பாட வருகிறதா, பொருள் நிற்கிறதா, இயல்பான பேச்சாக இருக்கிறதா, தாளம் பொருந்துகிறதா, இயைபு இருக்கிறதா என்பவை அந்த ஐந்து. ஐந்திலும் முதலிடம் வாங்க வேண்டியதில்லை. ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இன்னொன்றில் ஈடுகட்டலாம், மொத்த மதிப்பெண்தான் கணக்கு என்றார் அவர். நல்ல வழிகாட்டுதல்தான். ஆனால் தமிழில் இந்த வேலைக்கு உட்கார்ந்தால் இந்த ஐந்துக்கும் முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. அதைக் காட்டத்தான் இன்று ஒரே ஒரு பாடலை, அதிலும் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன்.

பாடல், 'வி ஷல் ஓவர்கம்'. உங்களில் பெரும்பாலானோர் பள்ளியில் இதன் இந்தி வடிவத்தைப் பாடியிருப்பீர்கள்.

இது ஒருவர் உட்கார்ந்து எழுதிய பாடல் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி என்ற கறுப்பினப் போதகர் ஒரு பாடலை வெளியிட்டார். அதில் இருந்தது 'நான்'. நான் ஒருநாள் மேற்கொள்வேன் என்பது அதன் கருத்து. 1945–46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே மறியலில் நின்ற கறுப்பினப் பெண்கள் இந்தப் பாட்டு மரபிலிருந்து ஒன்றை எடுத்து, 'நான்' இருந்த இடத்தில் ஆங்கிலத்தின் 'வி' என்பதைப் போட்டுப் பாடினார்கள். லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அதை மிக மெதுவாக இழுத்துப் பாடுவார் என்பது பதிவாகியிருக்கிறது. அவர்களிடமிருந்து டென்னசியில் இருந்த ஹைலேண்டர் பயிற்சிப் பள்ளியின் சில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து பீட் சீகருக்குப் போனது. கை காரவன் 1960 ஏப்ரலில் ராலே நகரில் கூடிய மாணவர் போராளிகளிடம் இதைக் கொண்டுபோனார். அங்கிருந்து குடியுரிமைப் போராட்டம் முழுவதும் பரவியது.

இந்தப் பயணத்தில் நடந்த ஒரு சிறு மாற்றம் நமக்கு முக்கியம். தொழிலாளிகள் பாடியது 'வில்'. அது பின்னால் 'ஷல்' ஆயிற்று. ஏன் மாற்றினேன் என்பதற்கு சீகர் சொன்ன காரணம் இலக்கணம் அல்ல, வாய். 'வில்' என்பதில் உள்ள இகரத்தை நீட்டிப் பாடுவது கடினம், 'ஷல்' என்றால் வாய் நன்றாகத் திறக்கிறது என்றார். ஒரே மொழிக்குள்ளேயே பாடுகிற வாய்க்காகச் சொல் மாறியிருக்கிறது. நாம் செய்யப் போவதும் இதன் தொடர்ச்சிதான்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் சொற்களை மறந்துவிட்டு மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தலைப்பு வரியில் ஐந்து உயிரொலிகள்: வி, ஷல், ஓ, வர், கம். தாளம் நான்கு நான்கு எண்ணிக்கையாகப் போகிறது. கையால் தட்டிப் பாருங்கள். முதல் தட்டில் 'வி', இரண்டில் 'ஷல்', மூன்றில் 'ஓ', நான்கில் 'வர்'. அடுத்த சுற்றின் முதல் தட்டில் 'கம்' விழுந்து, நீண்டு, மேலிருந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ஆக, ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது இடங்கள் பலமானவை. இரண்டும் நான்கும் பலவீனமானவை. ஐந்தாவது இடத்துக்கு நீளும் ஒலி கட்டாயம் வேண்டும்.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வங்காளத்தில் ஹேமாங்க பிஸ்வாஸ் செய்த வடிவம் 'ஆம்ரா கொர்போ ஜய்'. ஆம், ரா, கொர், போ, ஜய். ஐந்துக்கு ஐந்து. 'நாம்' என்ற பொருளுள்ள சொல் முதல் தட்டில், 'வெற்றி' கடைசி நீளத்தில். இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று ஆக்கினார். அதில் 'காம்யாப்' என்பதைப் பாடும்போது கா, ம, யாப் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். அதனால் 'ஹோங்கே காமயாப்' மட்டுமே ஐந்து இடங்களையும் நிரப்பிவிடுகிறது. 'ஹம்' எங்கே போகும்? முதல் தட்டுக்குச் சற்று முன்னால் அவசரமாக ஏறிக்கொள்கிறது. சிலர் முதல் இரண்டு முறை அதை விட்டுவிட்டு, மூன்றாவது முறை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். மூலத்தில் பலமான தட்டில் உட்கார்ந்திருந்த சொல், இந்தியில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறது.

பாடுவதற்கு இந்தி வடிவம் அருமையானது. பலமான இடத்தில் 'கா', நீளும் இடத்தில் 'யா', இரண்டுமே வாய் திறக்கிற ஆகாரம். ஆனால் 'காம்யாப்' என்றால் வெற்றி பெற்றவர். மூலத்தில் இருப்பது ஒரு தடையை, ஒரு நுகத்தை மீறிக் கடந்து வருவது. இந்தியில் அது வெற்றிகரமானவர்களாக ஆவது. இந்தப் பாடலைத் தேர்வுக்கு முந்தைய நாளிலும் ஆண்டு விழாவிலும் பாட முடிகிறது என்றால், அதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எதைத் தாண்டுகிறோம் என்ற கேள்வியே அதில் எழுவதில்லை.

சரி, தமிழ். நம் மொழியில் இந்த வேலைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. குறில் நெடில். குறிலை நீட்டினால் வேறு சொல் ஆகிவிடும். 'படு' நீண்டால் 'பாடு', 'விடு' நீண்டால் 'வீடு'. நம்மூர்த் தேவாலயங்களில் மேற்கத்திய மெட்டுகளில் பாடப்படும் பாமாலைப் பாடல்களைக் கேட்டவர்களுக்கு, குறில் இழுபடும்போது காதில் ஏற்படும் நெருடல் தெரியும். டப்பிங் படப் பாடல்களிலும் அதே நெருடல்தான். ஆகவே பலமான, நீளமான இடங்களில் நெடில் வரவேண்டும். இல்லையென்றால் குறிலுக்குப் பின்னால் ல், ள், ம், ன் போல இழுத்து நிறுத்தக்கூடிய மெய்யாவது வரவேண்டும். ற், ட், க் போன்ற மெய்கள் ஒலியை அடைத்துவிடும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது 'வெற்றி பெறுவோம்'. வெற், றி, பெ, று, வோம். எண்ணிக்கை ஐந்து, சரி. ஆனால் முதல் தட்டில் 'வெற்' அடைத்துக்கொள்கிறது. மூன்றாவது தட்டில் 'பெ' என்ற தனிக் குறில். மெதுவாகப் பாடும்போது அது 'பே' ஆகிவிடும். எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பாடிப் பதிவுசெய்து, வரியை முன்பே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுந்ததை எழுதச் சொன்னோம். 'வெற்றிப் பேர் ஓம்' என்று எழுதிக் கொடுத்தார். போதாக்குறைக்கு, பொருளும் இந்தியில் பார்த்த அதே தேர்வுக்கூட வெற்றிதான்.

'கடப்போம்' என்ற வேரை எடுத்தால் பொருள் நெருங்கி வருவது போல இருக்கும். ஆனால் இன்றைய தமிழில் 'கடந்து செல்வோம்' என்றால் கண்டுகொள்ளாமல் போய்விடுவோம் என்று அர்த்தம். ஒரு கொடுமை நடந்த மறுநாள் மேடையில் நின்று யாராவது இதைப் பாடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அகராதியில் சரியாக இருக்கும் சொல், வழக்கில் நேரெதிராகத் திரும்பிவிடுகிறது.

மிஞ்சுவது 'வெல்' என்ற வினை. 'சொல்வோம், சொல்லுவோம்' என்று இரண்டு வடிவம் இருப்பது போல 'வெல்வோம், வெல்லுவோம்' என்று இரண்டும் நம்மிடம் உண்டு. 'வெல், லு, வோம்' என்பது மூன்று, நான்கு, ஐந்தாவது இடங்களில் கச்சிதமாக உட்காருகிறது. மூன்றாவது தட்டில் 'வெல்'. இங்கே ஒரு எச்சரிக்கை. எகரத்தை நீட்டினால் 'வேல்' ஆகிவிடும். பாடுகிறவர்கள் எகரத்தைக் குறிலாகவே விட்டுவிட்டு, லகரத்தில் நிற்கப் பழக வேண்டும். லகர மெய் நிற்கக்கூடிய ஒலி, அதனால் இது முடியும். நான்கில் 'லு' லேசாகப் போகும். ஐந்தில் 'வோம்', நல்ல ஓகாரம். மெட்டு படி இறங்கும்போது அந்த ஓகாரமும் கூடவே இறங்கி, மகரத்தில் வாய் மூடும். கூட்டமாகப் பாடும்போது அந்த முடிவு கேட்க நன்றாக இருக்கும்.

வெல்வது என்றால் எதிரியைத் தோற்கடிப்பது என்ற சாயல் தமிழில் கூடுதலாக வந்துவிடுகிறது என்பது உண்மை. மூலத்தின் சொல்லில் எதிரி பேசப்படவில்லை, பாரம்தான் பேசப்படுகிறது. இந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் முடிவு. ஏனென்றால் இதில் குறைந்தபட்சம் போராட்டம் மிஞ்சுகிறது.

இப்போது முதல் இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. முதல் தட்டு பலமான தட்டு. மூலத்தில் அங்கே இருப்பது 'வி'. தமிழில் அங்கே என்ன போடுவது?

இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வி வருகிறது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'வி'. இந்திக்கு ஒரே 'ஹம்', வங்காளத்துக்கு ஒரே 'ஆம்ரா'. தமிழில் இரண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'. கேட்பவரைச் சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்த வேறுபாடு உண்டு. மராத்தியிலும் 'ஆம்ஹி', 'ஆபண்' என்று உண்டு. இந்த மொழிகளில் இந்தப் பாடலைப் பாட வாய் திறந்தவுடனே, முதல் தட்டிலேயே, யார் உள்ளே யார் வெளியே என்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலக்காரர் சொல்லாமல் தப்பித்துவிடலாம், நாம் தப்பிக்க முடியாது.

எங்கள் ஒத்திகையில் இந்த இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. ஒரு தோழி கேட்டார்: "நம்ம அரங்கத்துல யாரு உட்கார்ந்திருப்பாங்க? அவங்களையும் சேர்த்தா நான் பாடப் போறேன்?" சேரியிலிருந்து வந்த ஒருவர் எல்லாச் சாதியினரும் அமர்ந்திருக்கும் அரங்கில் 'நாம்' என்று பாடினால், ஒடுக்குதலைச் சுமந்தவரும் சுமத்தியவரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். வெல்ல வேண்டியது எதை என்பது கரைந்துபோகிறது. 'நாங்கள்' என்று பாடினால், உண்மையாகவே தோள் கொடுக்க வந்தவரும் வெளியே நிற்கிறார். இரண்டுக்கும் விலை இருக்கிறது.

இந்தக் கேள்வி மூலப் பாடலிலும் இல்லாமல் இல்லை, மறைந்திருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி இயக்கத்தில் பாடியவரும் பின்னாளில் வரலாற்றாசிரியருமான பெர்னிஸ் ஜான்சன் ரீகன், 'நான்' என்பது 'நாம்' ஆனதைப் பற்றிப் பேசியிருக்கிறார். வெள்ளையர் மிகுந்த இடதுசாரி அமைப்புகளுக்கு, கூட்டு என்றால் 'நாம்' என்று சொன்னால்தான் கூட்டு. கறுப்பினச் சமூகத்திலோ 'நான்' என்று ஒவ்வொருவரும் சொன்னால்தான் கூட்டு உருவாகும், ஏனென்றால் 'நாம்' என்று சொல்லும்போது யார் உண்மையில் வந்து நிற்பார்கள் என்று தெரியாது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். 'நாம்' என்பதை நம்ப முடியாத அனுபவம் அவர்களுக்கும் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல ஆங்கிலத்தில் தனிச் சொல் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1960களில் இந்தப் பாடலுக்குப் பதிப்புரிமை பதிவானபோது அதில் இருந்த பெயர்கள் ஹார்ட்டன், ஹாமில்டன், காரவன், சீகர். மறியலில் பாடிய லூசில் சிம்மன்ஸின் பெயர் இல்லை. உரிமைத் தொகையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளாமல் ஹைலேண்டர் வழியாக ஒரு நிதியாக மாற்றினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழக்கு நடந்து, 2018இல் பாடல் பொதுவுடைமை ஆனது. யாருடைய 'நாம்' என்பது மொழிபெயர்ப்பாளர் கற்பனை செய்த பிரச்சினை அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

எங்களுக்கு ஒரு குறுக்குவழியும் தெரிந்தது. தமிழில் வினைமுற்றின் 'ஓம்' விகுதியே தன்மைப் பன்மையைக் காட்டிவிடும், பெயர்ச்சொல் தேவையில்லை. அதுவும் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் பொதுவான விகுதி. அப்படியானால் 'வென்றே தீருவோம்' என்று பாடலாம். வென், றே, தீ, ரு, வோம். ஐந்து. முதல் தட்டில் னகரத்தில் நிற்கலாம், மூன்றாவதில் 'தீ' என்ற அழகான நெடில், கடைசியில் 'வோம்'. இயல்பான தமிழ்ப் பேச்சும்கூட. பாடிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. ஐந்து போட்டிக் கணக்கில் இதற்குத்தான் அதிக மதிப்பெண்.

இருந்தும் நான் இதை முதல் வரிக்கு எடுக்கவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, தொனி. மூலத்தின் வரி 'ஒருநாள்' என்று முடிகிறது. இன்று தோற்றுக்கொண்டிருப்பவர்கள் பொறுமையாகச் சொல்லும் நம்பிக்கை அது. 'வென்றே தீருவோம்' என்பதில் முஷ்டி உயர்கிறது, அதன் பக்கத்தில் 'ஒருநாள்' ஒட்டவில்லை. கோஷத்துக்குப் பொருந்தும், இழுத்துப் பாடும் மெட்டுக்குப் பொருந்தாது. இரண்டாவது, அது அந்தக் கேள்வியிலிருந்து நழுவுகிறது. மூலத்தில் முதல் தட்டில் நிற்பது வெற்றி அல்ல, மனிதர்கள்.

ஆகவே நான் வைத்தது 'நாங்கள் வெல்லுவோம்'. நாங், கள், வெல், லு, வோம். பலமான தட்டில் 'நா' என்ற நெடில், பலவீனமான தட்டில் 'கள்'. மெட்டுக்கும் பொருந்துகிறது, பாடுகிறவர் யார் என்பதும் தெளிவாக இருக்கிறது.

அப்படியானால் தோள் கொடுக்க வந்தவர்? பாடலே அதற்கு இடம் வைத்திருக்கிறது. பின்னால் வரும் சரணம் ஒன்று கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நிற்பதைப் பாடுகிறது. அந்தச் சரணத்தில்தான் 'நாம்' வரவேண்டும். முதல் சரணத்தில் 'நாங்கள்' என்று பாடியவர்கள், அந்த இடம் வந்ததும் 'நாம்' என்று மாற்றும்போது, அரங்கில் இருப்பவர் அழைக்கப்படுகிறார். ஆங்கிலத்தில் முதல் சரணத்துக்கும் அந்தச் சரணத்துக்கும் 'வி' ஒன்றுதான், இந்த நகர்வு காதில் விழாது. தமிழில் விழும். அங்கே 'நாமே வெல்லுவோம்' என்று ஏகாரம் சேர்த்தால் எண்ணிக்கை சரியாகும். ஆனால் அந்த ஏகாரம் 'வேறு யாரும் இல்லை, நாம்தான்' என்று மறுபடியும் ஒரு வேலி போடுகிறது. அதனால் 'நாம்' என்பதில் ஆகாரத்தை நீட்டி இரண்டு தட்டுகளுக்கும் ஒரே சொல்லாக விடுவது மேல். நெடிலை நீட்டினால் பொருள் கெடாது.

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஒருநாள்' என்பதற்கு மூலத்தில் இரண்டே ஒலிகள், இந்தியில் 'ஏக் தின்', அதுவும் இரண்டு. தமிழில் மூன்று. 'ஓர்நாள்' என்று சுருக்கலாம், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'ஒரு' என்பது இரண்டு குறில். யாப்பில் இரண்டு குறில் சேர்ந்து ஒரே நிரையசை ஆவதுபோல, இங்கும் ஒரு ஒலிக்குரிய நேரத்தைப் பாதி பாதியாகப் பிரித்து 'ஒ', 'ரு' என்று பாடிவிடலாம். அடுத்த 'நாள்' நெடில், நீளலாம். இந்தியில் 'தின்' என்ற குறில் அங்கே 'தீன்' என்று இழுபடுகிறது. இந்த ஒரு இடத்தில் தமிழுக்கு அதிர்ஷ்டம்.

அடுத்து, நெஞ்சின் ஆழத்து நம்பிக்கையைச் சொல்லும் வரி. அங்கே பாடல் சட்டென்று 'நான்' என்பதற்குத் திரும்புகிறது. இந்தி வடிவத்தில் இந்த 'நான்' இல்லை, மனத்தில் நம்பிக்கை இருக்கிறது என்று பொதுவாகப் போகிறது. தமிழில் 'நம்புகிறேன்' என்ற ஒரே சொல், நம், பு, கி, றேன் என்று நான்கு ஒலிகளாக மூலத்தின் நான்கு இடங்களில் உட்காருகிறது. கடைசி நீளத்தில் 'றேன்'. 'நான்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், விகுதியில் இருக்கிறது. ரீகன் சொன்ன அந்த 'நான்', ஒவ்வொருவரும் தன் பெயரில் கொடுக்கும் வாக்கு, தமிழில் சேதமில்லாமல் வந்துவிடுகிறது.

வரி தயாரானதும் மூன்று விதமாகச் சோதித்துப் பாருங்கள். மெட்டில்லாமல் சாதாரணமாகப் பேசிப் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் அப்படிப் பேசுவாரா? பிறகு தாளம் தட்டி, மூலத்தின் வேகத்திலேயே பாட வேண்டும். வேகமாகப் பாடினால் குறைகள் ஒளிந்துகொள்ளும். மூன்றாவது, வரியைப் பார்க்காத ஒருவரைக் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். அவர் எந்த இடத்தில் வேறு சொல் எழுதுகிறாரோ அங்கே குறில் இழுபட்டிருக்கிறது, அல்லது பலமான தட்டில் தவறான ஒலி விழுந்திருக்கிறது.

நான்காவதாக ஒன்றை எங்கள் ஒத்திகைக்குப் பிறகு சேர்த்துக்கொண்டேன். பாடப் போகிறவர்களிடம் கேட்பது. 'நாங்கள்' என்ற சொல்லை முதல் தட்டில் வைக்கும் உரிமை அதைச் சுமந்து பாடுகிறவர்களுக்கு இருக்கிறது. ஆதரவாளர்கள் மட்டும் கூடியிருக்கும் இடத்தில் பாடுவதானால் அந்தச் சொல் அவர்களுக்குப் பொருந்தாது, அங்கே முதல் இரண்டு ஒலிகளை வேறு விதமாக நிரப்ப வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பின் கடைசிப் பிரதி ஒன்றல்ல, இரண்டோ மூன்றோ இருக்கலாம். எந்த அரங்கு, யார் பாடுவது என்று ஒவ்வொன்றின் மேலும் குறித்துவைத்துவிடுங்கள்.

பிற்பகல் அமர்வில் நீங்கள் கொண்டுவந்திருக்கும் பாடல்களைத் தட்டிப் பார்ப்போம். தாளில் முதலில் ஒலிகளின் எண்ணிக்கையையும் பலமான இடங்களையும் மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். சொற்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.